டீம் லீட் ஐஜேபிக்கு ஒரு பக்க சுருக்கம்: க்யூஏ மார்க் 74லிருந்து 91 ஆனதை எப்படிக் காட்டுவது?

பானசவாடி பானு

பெங்களூரில் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு ப்ராசஸில் வேலை, தமிழ் கால்களை எடுக்கும் தமிழ் க்யூ. எங்கள் ஃப்ளோரில் டீம் லீட் இடத்துக்கு ஐஜேபி, அதாவது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமான வேலை அறிவிப்பு, வந்திருக்கிறது. விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்துக்குள் சுருக்கம் கேட்கிறார்கள், கோச்சிங் செய்ததும் க்வாலிட்டி மார்க்கும் அதில் இருக்க வேண்டுமாம். ஆபீஸுக்கு இங்கிலீஷில்தான் கொடுக்கப் போகிறேன், இங்கே தமிழில் போடுகிறேன். தயவுதாட்சணியம் பார்க்காமல் சொல்லுங்கள்.

"என் க்யூஏ சராசரி 97. ஆறு மாதமாக ஒரு ஃபேட்டலும் இல்லை. சிசாட்டில் டீமில் முதல் மூன்று பேருக்குள் இருக்கிறேன். லீவு எடுப்பது குறைவு. எஸ்எம்இ ஆக ஃப்ளோர் சப்போர்ட் கொடுக்கிறேன். டீமில் கடைசியில் இருந்த நான்கு பேருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோச்சிங் கொடுத்தேன். மே மாதம் 74 ஆக இருந்த அவர்களுடைய க்யூஏ சராசரி ஆகஸ்டில் 91 ஆனது. 17 புள்ளி முன்னேற்றம். பொறுமையும் தலைமைப் பண்பும் உள்ளவள்."

கோச்சிங் பகுதியை இன்னும் பெரிதாக்கலாமா என்பதுதான் என் கேள்வி. 17 புள்ளி நல்ல நம்பர்தானே?

சியோன் செந்தில்

பானு மேடம், மும்பையில் நான் டீம் லீட். ஐஜேபி பேனலில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒரு ஆளின் பேப்பருக்கு ஒரு நிமிஷம் கொடுத்தாலே அதிகம். அதனால் 17 புள்ளியை மேலே, முதல் வரியில் போடுங்கள். புள்ளி என்று போடாமல் சதவீதமாகப் போட்டால் 23 சதவீதம் வரும், அது இன்னும் கண்ணில் படும். ஒரு சின்ன கிராஃப் வையுங்கள், மே ஒரு கம்பம், ஆகஸ்ட் ஒரு கம்பம், போதும்.

உங்கள் சொந்த மார்க் எல்லாம் ஒரே வரியில் முடிய வேண்டும். 97 இல்லாதவர் யாரும் ஐஜேபி பக்கமே வர மாட்டார். "பொறுமையும் தலைமைப் பண்பும்" என்பதை எடுத்து விடுங்கள், எல்லார் பேப்பரிலும் அதே வரி இருக்கும்.

தராசு

செந்தில் சொன்னதில் பாதி சரி. சொந்த மார்க்கை ஒரு வரியில் முடிப்பது, கோச்சிங்கை மேலே கொண்டுவருவது, இரண்டும் செய்ய வேண்டியவை. ஆனால் 23 சதவீதம் என்று போடாதீர்கள். மார்க்கே நூற்றுக்கு என்று இருக்கும்போது அதற்கு மேல் ஒரு சதவீதம் கணக்குப் போட்டால், பேனலில் க்வாலிட்டியிலிருந்து வந்திருப்பவர் முதல் கேள்வியை அங்கேதான் வைப்பார். நான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன், மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு இடத்தில் பல வருஷம் க்வாலிட்டி பார்த்தேன்.

பானு, 17 நல்ல நம்பரா என்று கேட்டீர்கள். எனக்கு இந்த விவரம் வேண்டும். ஒரு ஆளுக்கு மாதம் எத்தனை ஆடிட்? மே மாதம் நான்கு பேருக்கும் சேர்த்து எத்தனை ஃபேட்டல், ஆகஸ்டில் எத்தனை? மார்ச், ஏப்ரல் எப்படி இருந்தது? ஆடிட் செய்தது ஒரே ஆளா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஃபேட்டல் விழுந்தால் அந்த கால் மொத்தமும் சைபர். ஒருவருக்கு மாதம் ஐந்து கால் கேட்கிறார்கள் என்று வையுங்கள். நான்கு காலில் 96, 94, 98, 96 வாங்கி, ஐந்தாவதில் வெரிஃபிகேஷனை விட்டுவிட்டால் அவருடைய மாத மார்க் 76.8. அடுத்த மாதம் அதே ஆள் அதே மாதிரி பேசுகிறார், கேட்ட ஐந்து காலில் அந்தத் தப்பு மட்டும் வரவில்லை, மார்க் 96. பேப்பரில் 19 புள்ளி ஏறியிருக்கும், கோச்சிங் யாரும் கொடுத்திருக்கவே மாட்டார்கள். மாதம் ஆயிரத்துக்கு மேல் கால் எடுப்பவரை ஐந்து காலில் அளக்கிறோம், அந்த ஐந்தில் எது மாட்டும் என்பது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான்.

முனிர்கா முருகன்

தராசு சார், இதே கதைதான் எனக்கும். டெல்லியில் இருக்கிறேன். கஸ்டமரை ஹோல்டில் போட்டுவிட்டு சிஸ்டம் திறக்கக் காத்திருந்தேன், ம்யூட் என்று நினைத்து பக்கத்து சீட்காரனிடம் பேசியது ரெக்கார்ட் ஆகிவிட்டது. ஃபேட்டல் போட்டார்கள். அதை எதிர்த்து ரிபட்டல் போட எங்கள் இடத்தில் 48 மணி நேரம்தான், அன்று எனக்கு வீக் ஆஃப். அந்த ஒரு சைபரால் ஐஜேபிக்கு நான் தகுதியே இல்லை என்று மெயில் வந்தது. இதை பேனலில் எப்படி எடுத்துச் சொல்லலாம்?

தராசு

முருகன், பானு கேட்பது வேறு. அவர் விண்ணப்பத்துக்குள் போய்விட்டார், நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். தகுதி மெயில் வந்தபின் பேனல் எதுவும் செய்யாது. வீக் ஆஃப் அன்று ஓடிய நேரத்தை ரிபட்டல் கெடுவில் சேர்த்தார்களா என்று க்வாலிட்டி லீடிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல் தனி இழை போடுங்கள்.

பானசவாடி பானு

தராசு சார், இரண்டு நாளாக எக்ஸெல்லோடு உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கு மாதம் ஐந்து ஆடிட்தான், நான்கு பேருக்கு இருபது. மே மாதம் நான்கு ஃபேட்டல். மீதி 16 காலின் சராசரி 93. ஆகஸ்டில் ஒரே ஒரு ஃபேட்டல், மீதி 19 காலின் சராசரி 96.

முந்தைய மாதங்களையும் எடுத்தேன். மார்ச் 2, ஏப்ரல் 2, மே 4. அதன்பின் ஜூன் 3, ஜூலை 1, ஆகஸ்ட் 1.

ஆடிட்டர் விஷயம்தான் சிக்கல். தமிழ் க்யூவுக்கு ஜூன் வரை ஒரே ஒரு க்யூஏ, ஜூலையிலிருந்து புதிதாக இன்னொருவர் வந்து எங்கள் டீமை அவர்தான் கேட்கிறார். நம்பர் நல்லா இருந்ததால் இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால்.

தராசு

கணக்கைப் பாருங்கள். மே: 16 × 93 = 1488, இருபதால் வகுத்தால் 74.4. ஆகஸ்ட்: 19 × 96 = 1824, இருபதால் வகுத்தால் 91.2. மற்ற கால் எல்லாம் 93லேயே நின்று, ஃபேட்டல் மட்டும் நான்கிலிருந்து ஒன்று ஆகியிருந்தாலும் 19 × 93 = 1767, அதாவது 88.35 வந்திருக்கும். உங்கள் 17 புள்ளியில் 14 அந்த மூன்று கால்களிடம் இருக்கிறது. மீதி மூன்று புள்ளிதான் பேசும் விதம், அனுதாபம், டிஸ்பொசிஷன் சரியாகப் போட்டது எல்லாம் சேர்த்து, அதுவும் ஆடிட்டர் மாறிய பின் வந்தது. புது ஆடிட்டர் கொஞ்சம் தாராளமானவராக இருக்கலாம். அந்த மூன்றை உரிமை கொண்டாடாதீர்கள், பேப்பரிலேயே வேண்டாம். ஃபேட்டல் அப்படியில்லை, வெரிஃபிகேஷன் செய்தாரா இல்லையா என்பதில் தாராளத்துக்கு இடம் குறைவு. இருவரும் ஒரே காலைக் கேட்ட கேலிப்ரேஷன் ஷீட் இருந்தால் ஃபேட்டலில் இருவரும் ஒத்துப்போனார்களா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது, மே மாதத்தை மட்டும் அடிப்படையாக வைப்பது. அந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுத்ததே மே மோசமாக இருந்ததால்தானே? மோசமான மாதத்தைப் பார்த்து ஆளைப் பொறுக்கினால் அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் ஏறும். பாட்டம் குவார்டைல் கோச்சிங் என்று எங்கே பார்த்தாலும் பிரமாதமான ரிசல்ட் காட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மூன்று மாதம் முன்பு, மூன்று மாதம் பின்பு என்று வையுங்கள். 60 ஆடிட்டில் 8 ஃபேட்டல், அடுத்த 60இல் 5. சின்னதாகத் தெரிகிறது இல்லையா? இப்போது ஃபேட்டலை வகை பிரியுங்கள். நீங்கள் எதைக் கோச் செய்தீர்கள்?

சியோன் செந்தில்

சார், நல்லா இருந்த 17ஐ மூன்றாக்கி விட்டீர்களே. இந்த வேகத்தில் போனால் மேடம் அந்த நான்கு பேரைக் கெடுத்தார் என்று முடியும்போல.

பானசவாடி பானு

பிரித்தேன். முன்னால் வந்த 8இல் 6 வெரிஃபிகேஷன் முழுசாக முடிக்காமல் கணக்கு விவரம் சொன்னது. மீதி 2 தப்பான தகவல். பின்னால் வந்த 5இல் வெரிஃபிகேஷன் 2, இரண்டும் ஜூன் முதல் வாரங்களில். ஜூலை, ஆகஸ்டில் ஒன்றும் இல்லை. மீதி 3 தப்பான தகவல், மூன்றும் ஒரே ஆள், இஎம்ஐ கட்டணத்தைத் தப்பாகச் சொன்னது.

நான் கோச் செய்தது வெரிஃபிகேஷன்தான். எப்படி ஆரம்பித்தது என்றால், "வெரிஃபிகேஷன் பண்ணுங்க, பண்ணுங்க" என்று ஹடிலில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம், நான்கு பேருக்கும் அது மனப்பாடம். அதனால் அந்த 6 கால்களையும் டிஎல் அனுமதியோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அதில் 4 கால், லைன் கட் ஆகி ஏஜெண்டே திரும்பக் கூப்பிட்டது. முதல் காலில் எல்லாம் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். கட் ஆனதும் கால்பேக் அடித்து, "சார், லைன் கட் ஆயிடுச்சு, உங்க அவுட்ஸ்டாண்டிங் வந்து..." என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். ஒரு காலில் போனை எடுத்தது வேறு ஆள், மகன்போல, பாக்கித் தொகை முழுக்க அவரிடம் சொல்லியாகிவிட்டது.

மீதி 2 காலில் கணவர் பெயரில் உள்ள கார்டுக்கு மனைவி பேசுகிறார். "அவர் டூட்டியில இருக்கார், நான் சொல்றேன்" என்று பிறந்த தேதி முதல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார். பதில் சரியாக இருந்ததால் ஏஜெண்டுக்கு மனசு இளகிவிட்டது. தமிழ் க்யூவில் இது ரொம்ப வரும்.

கால்பேக்குக்கு ஒரு தொடக்க வரி வைத்தோம்: "லைன் கட் ஆனதால மறுபடி கூப்பிடறேன், பேசறது யாருங்க? உங்க கணக்கு பாதுகாப்புக்காக அந்த விவரத்தை இன்னொரு தடவை கேட்டுக்கறேன்." எங்கள் ஃப்ளோரில் பேனா பேப்பர் கூடாது, அதனால் கால்பேக் பட்டனை அழுத்தும் முன் சிஸ்டம் நோட்பேடில் அந்த வரியைத் திறந்து வைக்கப் பழக்கினேன். மனைவி பேசும் காலுக்கு, கார்டுதாரரை லைனுக்குக் கொண்டுவரச் சொல்வதை முகத்தில் அடித்த மாதிரி இல்லாமல் எப்படிச் சொல்வது என்று ஜோடி ஜோடியாக ரோல் ப்ளே செய்தோம். பிறகு வாரம் ஒரு முறை ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டேன், கட் ஆன காலை மட்டும் தேடிப் பிடித்து.

தராசு

இதை ஏன் முதலிலேயே போடவில்லை! பேப்பரில் வர வேண்டியதே இதுதான். ஆறு வெரிஃபிகேஷன் ஃபேட்டல் இரண்டானது, அதுவும் நீங்கள் கோச் செய்த வகை மட்டும் நின்றது, செய்யாத வகை நிற்கவில்லை. வெறும் அதிர்ஷ்டம் என்றால் இரண்டும் சேர்ந்து குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஆடிட்டர் தாராளம் என்றாலும் அப்படித்தான். 60 ஆடிட் சின்ன எண்ணிக்கைதான், அதனால் "ஒழித்தேன்" என்று எழுதாமல் "ஜூலை, ஆகஸ்டில் கேட்ட 40 காலில் வரவில்லை" என்று எழுதுங்கள். கேட்காத கால்களில் இருந்திருக்கலாம்.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். கால்பேக் கால்களை மட்டும் வடிகட்டி எடுத்து, அவற்றில் சிலவற்றைக் கேட்கும்படி க்யூஏவிடம் கேளுங்கள். ரேண்டம் ஐந்தில் கால்பேக் மாட்டுவதே அரிது. பத்து இருபது கால்பேக் கேட்டு எல்லாவற்றிலும் அந்த வரி வந்தால், அது உங்கள் 17 புள்ளியை விட கனமான சாட்சி.

லாகின் லேட்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இந்த மாதிரிப் பேப்பரில் "கடைசியில் இருந்த நான்கு பேர்" என்று எழுதப்பட்டவன். எங்கள் ஃப்ளோரில் ஒருவர் டிஎல் ஆனது என் மார்க் ஏறிய கதையைச் சொல்லித்தான். பேர் போடவில்லை, ஏஜெண்ட் ஏ, பி என்று போட்டிருந்தார். இருபது பேர் டீமில் அது யார் என்று டீக்கடைக்குக் கூடத் தெரியும். எனக்குக் கோபம் என்னவென்றால், அவர் என்னிடம் பேசியது இரண்டு தடவை, ஷிஃப்ட் முடிந்து கேப் வரும் வரை. மார்க் ஏறியது நைட் ஷிஃப்டிலிருந்து என்னை மாற்றியதால்.

பானு அக்கா, அந்த நான்கு பேரிடமும் என்ன உதவியது என்று கேட்டீர்களா? அப்புறம் அந்த இஎம்ஐ ஆள், அவரை எப்படிக் காட்டப் போகிறீர்கள்?

பானசவாடி பானு

அந்த ஆளைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன், மூன்று பேர் என்று எழுதினால் ரிசல்ட் சுத்தமாக வரும். உங்கள் பதிவைப் படித்தபின் ஒரு மாதிரியாக இருக்கிறது.

மற்ற மூவரிடம் நேற்று கேட்டேன். இருவர் அந்தத் தொடக்க வரிதான் என்றார்கள். ஒருத்தி மட்டும் "உன் கோச்சிங்கை விட அந்த மகன் போன் எடுத்த காலை நானே கேட்டேன் பார், அதுக்கப்புறம் மறக்கவே இல்லை" என்றாள்.

தராசு

நான்கு பேருக்குக் கோச்சிங் கொடுத்துவிட்டு மூன்று பேரை மட்டும் எழுதினால், பேனலில் "நான்காவது ஆள்?" என்று கேட்கும்போது முகம் மாறும். எழுதுங்கள். வெரிஃபிகேஷன் அவருக்கும் சரியாகிவிட்டது, இஎம்ஐ தகவல் சரியாகவில்லை, அது பழக்கம் இல்லை, விஷயம் தெரியாதது. இதைக் கண்டுபிடித்து ட்ரெயினரிடம் அனுப்பினீர்களா?

பானசவாடி பானு

ஆகஸ்ட் கடைசியில் டிஎல்லிடம் சொன்னேன், ரெஃப்ரெஷர் செப்டம்பரில் வைத்தார்கள். ரிசல்ட் இன்னும் தெரியவில்லை.

தராசு

அப்படியே எழுதுங்கள். எதைக் கோச்சிங்கால் சரிசெய்யலாம், எதை ட்ரெயினிங்குக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிப்பது டிஎல் வேலையில் பாதி.

லாகின் லேட்

சரி, ஆனால் அந்த ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பது அப்படியேதான் இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதலாமே.

சியோன் செந்தில்

பேனலுக்கு எப்படியும் எல்லார் மார்க்கும் தெரியும் தம்பி, டேஷ்போர்டில் இருக்கிறது. ஐஜேபி பேப்பருக்கு அனுமதி வாங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

லாகின் லேட்

டேஷ்போர்டில் நம்பர் இருக்கும், அண்ணே. "இவனை நான் தூக்கிவிட்டேன்" என்று இருக்காது.

சியோன் செந்தில்

சரி விடுங்கள். மேடம், ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம், அந்த ஏஹெச்டி என்ன ஆனது? ஒவ்வொரு கால்பேக்கிலும் திரும்ப வெரிஃபிகேஷன் என்றால் ஏறியிருக்குமே. ஏறியிருந்தால் அதைத் தொடாதீர்கள், பேனலில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் இருப்பார், அவர் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பானசவாடி பானு

கால்பேக் காலில் இருபது வினாடி வரை கூடியிருக்கிறது. கால்பேக் கொஞ்சம்தான் என்பதால் அவர்களுடைய மொத்த ஏஹெச்டியில் அது தெரியவில்லை.

தராசு

நான் போடச் சொல்வேன். ஆபரேஷன்ஸ் மேனேஜரே கேட்டு நீங்கள் பதில் சொல்வதை விட, நீங்களே "கால்பேக்குக்கு 20 வினாடி கூடியது, மொத்தத்தில் மாற்றமில்லை" என்று ஒரு வரி எழுதுவது நல்லது. செந்தில் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, சில ஃப்ளோரில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைப் படிக்கவே மாட்டார்கள். உங்கள் மேனேஜரை உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை. கோச்சிங் லாக் யார் பெயரில் இருக்கிறது?

பானசவாடி பானு

டிஎல் பெயரில். எஸ்எம்இ லாகினில் லாக் போட அனுமதியே இல்லை. நான் டைப் செய்து அவருக்கு அனுப்புவேன், அவர் ஒட்டுவார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவரும் இப்போது அசிஸ்டெண்ட் மேனேஜர் ஐஜேபியில் இருக்கிறார், அதே நான்கு பேரின் மார்க்கை அவரும் காட்டுவார்.

முனிர்கா முருகன்

ஐயையோ. ஒரே 17 புள்ளியை இரண்டு பேர்.

தராசு

நீங்கள் அனுப்பிய மெயில் எல்லாம் தேதியோடு இருக்கும்தானே? அது போதும். அவர் முயற்சியைத் தொடாமல், "காலைக் கேட்டு காரணம் கண்டது, தொடக்க வரி, ரோல் ப்ளே, வாராந்திரப் பக்கத்து இருக்கை என்னுடையது, மாத ரிவ்யூ டிஎல்லுடையது" என்று பிரித்து எழுதி, சமர்ப்பிக்கும் முன் அவரிடமே காட்டி விடுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் பேனலில் முரண்பாடு வராது. ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, நான் பார்த்த இரண்டு மூன்று கேஸும் கசப்பில்தான் முடிந்தது.

பானசவாடி பானு

மாற்றி எழுதியது இது. இங்கிலீஷில் இன்னும் சுருங்கும்.

"தமிழ் க்யூ, எஸ்எம்இ. சொந்த க்யூஏ சராசரி 97, ஆறு மாதமாக ஃபேட்டல் இல்லை.

மார்ச் முதல் மே வரை நான்கு ஏஜெண்டுகளின் 60 ஆடிட்டில் 8 ஃபேட்டல், அதில் 6 வெரிஃபிகேஷன். ஆறு கால்களையும் கேட்டதில் நான்கு, லைன் கட் ஆனபின் ஏஜெண்ட் செய்த கால்பேக். இரண்டு, கார்டுதாரருக்குப் பதில் குடும்பத்தார் பேசியது. கால்பேக்குக்குத் தனித் தொடக்க வரி, குடும்பத்தார் காலுக்கு ரோல் ப்ளே, வாரம் ஒரு முறை பக்கத்தில் அமர்ந்து கேட்டது என்னுடைய பங்கு. மாத ரிவ்யூ டீம் லீட் செய்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 60 ஆடிட்டில் வெரிஃபிகேஷன் ஃபேட்டல் 2, இரண்டும் ஜூனில். பிந்தைய 40 ஆடிட்டில் வரவில்லை.

இதே காலத்தில் தப்பான தகவலுக்கான ஃபேட்டல் 2லிருந்து 3 ஆனது. இஎம்ஐ கட்டணம் குறித்த தெளிவின்மை காரணம் என்று கண்டு ட்ரெயினிங்குக்குப் பரிந்துரைத்தேன், ரெஃப்ரெஷர் செப்டம்பரில் நடந்தது. கால்பேக்கில் 20 வினாடி வரை கூடியது, மொத்த ஏஹெச்டியில் மாற்றமில்லை."

ஒரே ஆள் என்பதை எடுத்துவிட்டேன், லாகின் லேட். அவரிடம் நாளைக்குப் பேசுகிறேன். 74, 91 இரண்டையும் தூக்கிவிட்டேன், கை நடுங்கியது.

சியோன் செந்தில்

நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் 74, 91 இல்லாமல் பார்க்க மொட்டையாக இருக்கிறது. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரியாவது போடுங்கள். பேனலுக்கு மற்ற விண்ணப்பதாரர்கள் பெரிய நம்பரோடு வருவார்கள்.

தராசு

போட்டால் "பெரும்பகுதி ஃபேட்டல் குறைந்ததால்" என்று அதே வரியில் சேர்த்துப் போடுங்கள். நான் போட மாட்டேன், ஆனால் செந்தில் பயப்படுவது எனக்குப் புரிகிறது.

"தெளிவின்மை" என்ற இடத்தில் எந்தக் கட்டணம் என்று எழுதுங்கள், ப்ராசசிங் கட்டணமா, முன்கூட்டியே முடிக்கும் கட்டணமா? அதைக் கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

பானசவாடி பானு

முன்கூட்டியே முடிக்கும் கட்டணம். சேர்த்துவிடுகிறேன். டிஎல்லிடம் இன்று மாலை ஹடில் முடிந்ததும் காட்டப் போகிறேன். கால்பேக் வடிகட்டல் கேட்டதற்கு க்யூஏ "மாதக் கடைசியில் பார்க்கலாம்" என்றார், விண்ணப்பக் கெடு அதற்கு முன்னால் முடிகிறது.